அடிச்சிக்கினாங்க: யார் யாரை?

வேலூரைத் தாண்டிப் போகும் பெங்களூர் நெடுஞ்சாலையில் ஒரு லாரியும் ஒரு பஸ்ஸும் இடித்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் செய்தியில் அதை மூன்று விதமாக எழுத முடியும். 'லாரி மீது பஸ் மோதியது' என்று எழுதலாம். 'லாரியும் பஸ்ஸும் ஒன்றோடொன்று மோதின' என்று எழுதலாம். 'லாரியும் பஸ்ஸும் மோதிக்கொண்டன' என்றும் எழுதலாம். முதல் வாக்கியம் பஸ்ஸின் மேல் கையைக் காட்டுகிறது. மற்ற இரண்டும் இரு வண்டிகளையும் சமமாக நிறுத்துகின்றன. லாரி ஓரமாக நின்றிருந்தது என்றால் முதல் வாக்கியம் மட்டும்தான் பொருந்தும். 'நின்றிருந்த லாரியும் பஸ்ஸும் மோதிக்கொண்டன' என்று எழுதிப் பாருங்கள், காதில் இடறும். நின்ற வண்டி யார்மீதும் மோதுவதில்லை என்பது நமக்குத் தெரியும். வாக்கியமோ அதுவும் மோதியது என்கிறது.

அ என்பவர் ஆ-வுக்குச் செய்ததையே ஆ என்பவரும் அ-வுக்குச் செய்தார் என்ற இந்தப் பரஸ்பரப் பொருளைச் சொல்ல எல்லா மொழிகளுக்கும் ஏதாவது ஒரு வழி வேண்டியிருக்கிறது. எதுவும் இல்லாவிட்டால் இரண்டு வாக்கியம் இருக்கவே இருக்கிறது: குமார் ரவியை அடித்தான், ரவி குமாரை அடித்தான். அதை ஒரே வாக்கியமாகச் சுருக்கும்போது 'இது இரு பக்கமும் நடந்தது' என்ற அடையாளத்தை எங்காவது வைத்தாக வேண்டும். அடிபட்டவர் யார் என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு பிரதிப்பெயரை வைக்கலாம். வினைச்சொல்லிலேயே ஒரு ஒட்டையோ துணைவினையையோ சேர்க்கலாம். சொல்லையே இரட்டிக்கலாம். தமிழில் முதல் இரண்டும் நன்றாக வேரூன்றியிருக்கின்றன. மேலே உள்ள 'ஒன்றோடொன்று' முதல் வழி, 'மோதிக்கொண்டன' இரண்டாம் வழி. இவை இரண்டும் ஒரே பொருளுக்கு இரண்டு சொல்வழக்குகள் என்று பலர் நினைக்கிறார்கள். கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் அப்படி இல்லை என்று தெரியும். வட ஆற்காட்டுப் பேச்சை வைத்துக்கொண்டு பார்த்தால் இன்னும் தெளிவாகவே தெரியும்.

முதலில் 'ஒருவரையொருவர்'. தினமும் புழங்குவதால் அதன் அமைப்பு எவ்வளவு விசித்திரமானது என்று நாம் கவனிப்பதே இல்லை. முதல் 'ஒருவர்' வேற்றுமை உருபை ஏற்கிறது. இரண்டாவது எந்த உருபும் இல்லாமல் எழுவாய் வடிவிலேயே நிற்கிறது. எந்த வேற்றுமை வந்தாலும் இந்த முறை மாறாது: ஒருவருக்கொருவர், ஒருவரோடொருவர், ஒருவர்மேல் ஒருவர். வரிசையை மாற்றிப் பாருங்கள். 'அவர்கள் ஒருவரையொருவர் அடித்தார்கள்' என்பது சரி. 'ஒருவர் ஒருவரை அடித்தார்' என்றால் யாரோ ஒருவர் வேறு யாரோ ஒருவரை அடித்தார் என்று ஆகிவிடும். பரஸ்பரப் பொருள் காற்றில் போய்விடுகிறது.

இரண்டாவது 'ஒருவர்' எழுவாய் வடிவில் இருந்தாலும் அது வாக்கியத்தின் எழுவாய் இல்லை. அதை வினைமுற்றே காட்டிக்கொடுக்கும். 'நாங்கள் ஒருவரையொருவர் பார்த்தோம்', 'நீங்கள் ஒருவரையொருவர் பார்த்தீர்கள்' என்கிறோம். அந்த 'ஒருவர்'தான் எழுவாய் என்றால் இரண்டு இடத்திலும் 'பார்த்தார்' என்றல்லவா முடிந்திருக்க வேண்டும்? வினை 'நாங்கள்', 'நீங்கள்' என்பவற்றோடுதான் இயைகிறது. ஆக 'ஒருவரையொருவர்' முழுவதும் சேர்ந்து ஒரே செயப்படுபொருளின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதற்குள் 'ஒருவர் ஒருவரை' என்ற ஒரு குட்டி வாக்கியத்தின் எலும்புக்கூடு மட்டும் மிச்சமிருக்கிறது. செய்தவரும் செய்யப்பட்டவரும் அதற்குள்ளேயே இருக்கிறார்கள்.

குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் தெலுங்கு பேசும் வீடுகளில் கேட்டால் இதே அமைப்பு அச்சாக இருக்கும்: 'ஒகரினொகரு'. 'ஒகரி'யோடு இரண்டாம் வேற்றுமை 'னி' சேர்கிறது, பின்னால் வரும் 'ஒகரு' வெறுமையாக நிற்கிறது. 1911-இல் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரியும் வரை அந்தப் பகுதியும் வட ஆற்காட்டுக்குள்தான் இருந்தது. ஆனால் இந்த ஒற்றுமைக்குப் பக்கத்து ஊர்ப் பழக்கத்தைக் காரணமாகச் சொல்ல முடியாது. கன்னடத்திலும் 'ஒப்பரன்னொப்பரு' என்று இதே வரிசைதான். திராவிட மொழிகள் பகிர்ந்துகொள்ளும் கட்டுமானம் இது. ஆம்பூர், வாணியம்பாடியில் உருது பேசுபவர்களின் நூல் வழக்கில் 'ஏக் தூஸ்ரே கோ' என்று வரும். 'ஒன்று, இரண்டாவது' என்ற இரு சொல்லும் சேர்ந்து ஒரு தொகையாகி, உருபு கடைசியில் ஒரே முறை ஒட்டுகிறது. வேலையும் அதேதான், வாக்கியத்தில் இடமும் அதேதான், உள்ளமைப்பு மட்டும் வேறு.

இனி இரண்டாம் வழி. வட ஆற்காட்டில் ஒரு சண்டையை நேரில் பார்த்தவர் 'ஒருவரையொருவர் தாக்கினர்' என்று சொல்ல மாட்டார். 'அடிச்சிக்கினாங்க' என்பார். தெற்கே இதுவே 'அடிச்சுக்கிட்டாங்க'. எழுத்தில் 'அடித்துக்கொண்டார்கள்'. மூன்றிலும் இருப்பது ஒரே 'கொள்' என்ற துணைவினை. 'எடுத்துக்கொள்', 'பெற்றுக்கொள்' என்பதில் உள்ள அதே வினை, தன் சொந்தப் பொருள் தேய்ந்து, செயலின் பலன் செய்தவரிடமே திரும்புகிறது என்று காட்டும் கருவியாக ஆகிவிட்டது. 'கொண்டு' என்பது வடக்கே 'க்கினு' என்று தேய்ந்தது, தெற்கே 'க்கிட்டு' என்று தேய்ந்தது. தெலுங்கிலும் இதே வேரிலிருந்து வந்த துணைவினை இதே வேலையைச் செய்கிறது: 'கொட்டுகுன்னாரு'. 'அடிச்சிக்கினாரு', 'கொட்டுகுன்னாரு' இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். அடி என்ற பாதி மாறுகிறது, மீதிப் பாதி அண்ணன் தம்பி மாதிரி ஒத்துப்போகிறது.

வினையில் அடையாளம் வைப்பதைத் துணைவினை இல்லாமலும் செய்யலாம். கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலியில் வினையின் கடைசியில் 'ஆனா' என்ற ஒட்டு சேரும். 'பிகா' என்றால் அடி, 'பிகானா' என்றால் ஒருவரையொருவர் அடி. ஜார்க்கண்ட், வங்காளப் பக்கம் பேசப்படும் சந்தாளி மொழியில் ஒட்டு வினையின் நடுவே நுழைகிறது. 'தல்' என்றால் அடித்தல், 'தபல்' என்றால் அடித்துக்கொள்ளுதல். 'ஞெல்' என்றால் பார்த்தல், 'ஞெபெல்' என்றால் ஒருவரையொருவர் பார்த்தல். முதல் உயிரெழுத்துக்குப் பின் ஒரு 'ப' ஒலி நுழைந்து, அந்த உயிரையே திரும்பச் சொல்லிவிட்டு மேலே போகிறது. சி.எம்.சி. மருத்துவமனைக்கு வைத்தியத்துக்காக ஜார்க்கண்டிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் ஆண்டு முழுதும் ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். ஆகவே சந்தாளி போன்ற மொழிகளைக் கேட்கக் காட்பாடியில் ரயில் ஏற வேண்டிய அவசியம் வேலூர்க்காரர்களுக்கு இல்லை. தோட்டப்பாளையம் விடுதிப் பக்கம் ஒரு நடை நடந்தாலே போதும்.

இரண்டு வழிகளும் ஒரே பொருளைத் தருவதில்லை என்று சொன்னேன். அதைச் சோதித்துப் பார்க்க மொழியியலாளர்கள் பல மொழிகளில் பயன்படுத்தும் இரண்டு எளிய சோதனைகள் தமிழுக்கும் அருமையாகப் பொருந்துகின்றன.

ஒன்று எண்ணிப் பார்ப்பது. 'குமாரும் ரவியும் ஐந்து முறை அடித்துக்கொண்டார்கள்' என்றால் ஐந்து தடவை சண்டை நடந்திருக்கிறது. ஒவ்வொரு சண்டையிலும் எத்தனை அடி விழுந்தது என்று வாக்கியம் சொல்லவில்லை. 'குமாரும் ரவியும் ஒருவரையொருவர் ஐந்து முறை அடித்தார்கள்' என்றால், குமார் ஐந்து அடி கொடுத்தான், ரவி ஐந்து அடி கொடுத்தான், மொத்தம் பத்து என்று எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது. 'ஒருவரையொருவர்' ஒவ்வொருவரையும் தனித்தனியே எடுத்து, அவரவர் செயலைக் கணக்கில் வைக்கிறது. 'கொள்' இரண்டு பேரையும் ஒரே நிகழ்ச்சிக்குள் போட்டு, அந்த நிகழ்ச்சியை மட்டும் எண்ணுகிறது.

இன்னொன்று ஒருவரை எழுவாயிலிருந்து வெளியே எடுப்பது. 'குமார் ரவியோட அடிச்சிக்கினான்' என்று சொல்ல முடிகிறது. குமார் மட்டும் எழுவாய், வினையும் ஒருமை, ரவி 'ஓடு' உருபோடு பக்கத்தில் நிற்கிறான். ஆனாலும் இருவருக்கும் நடந்த சண்டை என்றே பொருள் வருகிறது. 'குமார் ரவியோடு ஒருவரையொருவர் அடித்தான்' என்று எந்தத் தமிழரும் சொல்ல மாட்டார். பிரதிப்பெயருக்குப் பன்மை எழுவாய் வேண்டும். பங்கிட்டுக் கொடுக்க ஆள் இருந்தால்தானே அதற்கு வேலை? சுவாஹிலியிலும் இதேதான் நிலை. 'ஆனா' ஒட்டு சேர்ந்த வினைக்கு 'ஜுமா' என்ற ஒருமை எழுவாய் வரலாம், 'அலியோடு' என்பது தனியே வரலாம். உறவே இல்லாத இரண்டு மொழிகள் இந்த இடத்தில் ஒன்றுபோல நடந்துகொள்வது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். அடையாளத்தை எங்கே வைக்கிறோம் என்பது அந்த வாக்கியம் எதையெல்லாம் தாங்கும் என்பதையும் முடிவு செய்துவிடுகிறது.

இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் 'லாரியும் பஸ்ஸும் மோதிக்கொண்டன' என்று செய்தியாளர்கள் ஏன் விரும்பி எழுதுகிறார்கள் என்பதும் விளங்கும். அது ஒரே நிகழ்ச்சியைச் சொல்கிறது, யார் என்ன செய்தார் என்ற தனிக் கணக்குக்குள் போவதில்லை. விசாரணை முடிவதற்கு முன் எழுதுகிறவருக்கு அது வசதியான, நியாயமான வடிவம். தவறு ஒரு பக்கம்தான் என்று தெரிந்த பிறகும் அப்படியே எழுதினால்தான் அது அநியாயம்.

அடுத்து, 'கொள்' காலை வாரும் இடங்கள். அதற்கு வேலைகள் பல என்பதுதான் சிக்கல். 'சமைத்துக்கொண்டார்கள்' என்றால் தங்களுக்காகச் சமைத்தார்கள். 'சிரித்துக்கொண்டார்கள்' என்றால் தங்களுக்குள்ளே சிரித்தார்கள். 'புரிந்துகொண்டார்கள்' என்பதில் அது வினையோடு ஒட்டிப்போய் தனியாக எந்தப் பொருளும் தருவதில்லை. அதனால்தான் கணவன் மனைவியைப் பற்றிச் சொல்லும்போது 'ஒருவரையொருவர் புரிந்துகொண்டார்கள்' என்று பிரதிப்பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. 'அடித்துக்கொண்டார்கள்' என்பதிலும் ஒரு சொல் கூடினால் கதையே மாறும். 'மார்பில் அடித்துக்கொண்டார்கள்' என்றால் சண்டை இல்லை, சாவு வீடு. 'பார்த்துக்கொண்டார்கள்' என்றால் கண்ணும் கண்ணும் சந்தித்திருக்கலாம். 'குழந்தையைப் பார்த்துக்கொண்டார்கள்' என்றால் பராமரித்தார்கள். இதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. செயப்படுபொருளின் இடத்தில் வேறொரு பெயர் வந்து உட்கார்ந்துவிட்டால் பரஸ்பரப் பொருள் வெளியேறிவிடுகிறது. அந்த இடம் காலியாக இருந்தால்தான் 'ஒருவரையொருவர்' என்ற பொருளை அதில் நிரப்பிப் படிக்க முடியும்.

'தன்னைத்தானே', 'ஒருவரையொருவர்' இரண்டுக்கும் ஒரே அடையாளத்தை வைத்துக்கொள்வது தமிழுக்கு மட்டும் உரிய குணம் இல்லை. மிசோ மொழியின் 'இன்' என்ற முன்னொட்டு இரண்டையும் குறிக்கும். ஸ்பானிஷ் மொழியின் 'ஸே'யும் அப்படித்தான். 'அடித்தார்கள்' என்ற வினையோடு அது சேர்ந்தால் தங்களையே அடித்துக்கொண்டார்களா, ஒருவரையொருவரா என்று தனியே தெரியாது. தெளிவு வேண்டுமானால் 'ஒருவர் மற்றவரை' என்ற தொடரையும் சேர்த்துச் சொல்வார்கள். நாம் 'ஒருவரையொருவர் அடித்துக்கொண்டார்கள்' என்று இரண்டு அடையாளத்தையும் ஒரே வாக்கியத்தில் வைப்பதும் இதே தேவையிலிருந்துதான் வருகிறது. எனவே அதைக் கூறியது கூறல் என்று அடித்துத் திருத்துகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 'கொள்' மட்டும் இருந்தால் யார்மீது என்பது தொங்கலில் நிற்கும். பிரதிப்பெயர் அதை முடிச்சுப் போடுகிறது.

இரண்டும் சேர்ந்து வரலாமா கூடாதா என்று பழைய காலத்திலேயே ஒரு இலக்கணக்காரர் விதி செய்து வைத்திருக்கிறார். சமஸ்கிருதத்தில் வினைமுற்று விகுதிகள் இரண்டு வகை. பரஸ்மைபதம் என்பது பொது வகை, ஆத்மனேபதம் என்பது செயல் தன்பக்கம் திரும்புவதைக் காட்டும் வகை. செயலை ஒருவருக்கொருவர் மாற்றிச் செய்துகொள்ளும்போது ஆத்மனேபதம் வரும் என்கிறார் பாணினி (1.3.14). ஒருவர் பயிரை மற்றவர் அறுத்துக் கொடுக்கிறார்கள் என்றால் 'வ்யதிலுனதே' என்று அந்த விகுதியோடு வரும். அடுத்த சூத்திரத்திலேயே ஒரு விலக்கு: போதல், துன்புறுத்தல் பொருள் தரும் வினைகளுக்கு இது பொருந்தாது. அதற்கும் அடுத்த சூத்திரத்தில் இன்னொரு விலக்கு: 'இதரேதர', 'அந்யோந்ய' என்ற சொற்கள் வாக்கியத்தில் வந்துவிட்டால் ஆத்மனேபதம் வேண்டாம், பொது விகுதியே போதும். பிரதிப்பெயரில் அடையாளம் வந்துவிட்டது, வினையில் திரும்ப எதற்கு என்ற கணக்கு அங்கே விதியாகவே இருக்கிறது. தமிழ் அந்தச் சிக்கனத்தை ஏற்கவில்லை. இரண்டும் சேர்வதை அனுமதிக்கிறது, பல வினைகளில் எதிர்பார்க்கவும் செய்கிறது.

மூன்றாம் வழியான இரட்டிப்பையும் பாணினி விடவில்லை. 'கேசாகேசி' என்றால் ஒருவர் முடியை ஒருவர் பிடித்துப் போடும் சண்டை, 'தண்டாதண்டி' என்றால் தடியும் தடியுமாக மோதுவது. ஒரே சொல்லை இரண்டு முறை வைத்து, நடுவில் நெடில், கடைசியில் 'இ'. வங்காளியில் இந்த வார்ப்பு இன்றும் உயிரோடு இருக்கிறது. 'மாராமாரி' என்றால் அடிதடி, 'தேகாதேகி' என்றால் ஒருவரையொருவர் பார்ப்பது, 'கானாகானி' என்றால் காதும் காதுமாகக் கிசுகிசுப்பது, 'கோலாகுலி' என்றால் ஈத் பெருநாளிலும் விஜயதசமியிலும் கட்டித் தழுவிக்கொள்வது. பெரும்பாலும் இவை பெயர்ச்சொற்களாக நின்று, 'செய்' என்ற வினையின் துணையோடு வாக்கியமாகின்றன. தமிழில் 'அடிதடி', 'தள்ளுமுள்ளு', 'வெட்டுக்குத்து', 'கொடுக்கல் வாங்கல்' என்று இதற்குப் பக்கத்தில் வரும் சொற்கள் உண்டு. ஆனால் இவை சேர்ந்து பழகிய இணைகள். எந்த வினையைக் கொடுத்தாலும் இரட்டித்துப் பரஸ்பரப் பொருள் செய்யும் அச்சு நம்மிடம் இல்லை. 'பார்' என்பதை இரட்டித்தால் 'பார்த்துப் பார்த்து' என்று வரும். அது கவனத்தையோ தொடர்ச்சியையோதான் காட்டும், பார்த்தவரைத் திரும்பப் பார்த்ததாக ஆகாது. 'மாறி மாறி அடித்தார்கள்' என்பதும் முறை வைத்து அடித்தார்கள் என்றுதான் சொல்கிறது. இரண்டு பேர் சேர்ந்து மூன்றாமவரை மாறி மாறி அடித்திருக்கலாம்.

வட ஆற்காட்டுப் பேச்சுக்கே வருகிறேன். உண்மையாகவே சிக்கல் வரும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது. நானே கட்டிய ஒரு வாக்கியத்தை வைத்து அதைப் பார்ப்போம். ஒரு தகராறைப் பற்றிப் புகார் மனு எழுத வேண்டும். பார்த்தவர் சொல்கிறார்:

'நான் டீக்கடைக்குப் போறப்ப குமாரு, ரவி, சேகரு மூணு பேரும் அடிச்சிக்கினு இருந்தாங்க.'

மனு எழுதுகிறவர் இதை 'மூவரும் அடித்துக்கொண்டிருந்தனர்' என்று எழுத்துத் தமிழாக்குகிறார். பிழை ஏதும் இல்லை. ஆனால் என்ன நடந்தது என்பது இந்த வாக்கியத்தில் இல்லை. 'அடிச்சிக்கினு இருந்தாங்க' என்பதில் உள்ள 'க்கினு', 'இரு'வோடு சேர்ந்து செயல் தொடர்ந்து நடந்தது என்று மட்டும் காட்டலாம். 'சாப்பிட்டுக்கினு இருந்தாங்க' என்பதில் யாரும் யாரையும் சாப்பிடவில்லை அல்லவா, அதுபோல. தமிழில் செயப்படுபொருளைச் சொல்லாமல் விடுவதும் சகஜம். எனவே மூவரும் சேர்ந்து வேறு யாரையோ அடித்துக்கொண்டிருந்தார்கள் என்று படிக்கலாம். மூவரும் தங்களுக்குள் அடித்துக்கொண்டிருந்தார்கள் என்றும் படிக்கலாம். முதல் பொருளில் மூவரும் குற்றவாளிகள், அடிபட்டவர் நாலாவது ஆள். இரண்டாம் பொருளில் நாலாவது ஆளே கிடையாது.

இந்த மயக்கம் ஏன் வருகிறது? பரஸ்பரத்துக்கு ஒரு 'கொள்' வேண்டும், தொடர்ச்சிக்கு ஒரு 'கொள்' வேண்டும். முறைப்படி இரண்டும் வந்தால் 'அடித்துக்கொண்டுகொண்டிருந்தனர்' என்று ஆக வேண்டும். பேச்சில் 'அடிச்சிக்கினுக்கினு'. யாரும் அப்படிச் சொல்வதில்லை. ஒரே மாதிரி இரண்டு அடுத்தடுத்து வரும்போது ஒன்றை விழுங்கிவிடுகிறோம். மிஞ்சிய ஒன்று எந்த வேலைக்காக நிற்கிறது என்பது வடிவத்தில் தெரிவதில்லை. தெற்கத்திப் பேச்சின் 'அடிச்சுக்கிட்டு இருந்தாங்க'வுக்கும் இதே கதிதான். 'ஒருவரையொருவர்' இந்த விழுங்கலில் மாட்டுவதில்லை. அது வினைக்கு வெளியே பத்திரமாக நிற்கிறது.

பார்த்தவர் எந்தப் பொருளில் சொன்னார் என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி, தொடர்ச்சியை எடுத்துவிட்டுத் திரும்பக் கேட்பது. 'அப்ப மூணு பேரும் அடிச்சிக்கினாங்களா?' இதில் 'இரு' இல்லை, எனவே 'க்கினு'வுக்குத் தொடர்ச்சி காட்டும் வேலை இல்லை. 'ஆமா' என்றால் சண்டை அவர்களுக்குள்தான். 'இல்லீங்க, ஒரு பையன போட்டு அடிச்சாங்க' என்றால் நாலாவது ஆள் வெளியே வந்துவிடுகிறார். வெறுமனே 'யாரை?' என்று கேட்டாலும் போதும் என்று தோன்றும். ஆனால் அந்தக் கேள்வி, அடிபட்டவர் ஒருவர் இருந்தார் என்று முன்னமே நம்பிக்கொண்டு கேட்பது போல இருக்கிறது. தயங்குகிற சாட்சியிடம் முதல் கேள்வியே பாதுகாப்பானது.

சரி, தங்களுக்குள்தான் என்று தெரிந்துவிட்டது. 'மூவரும் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டனர்' என்று எழுதினால் முடிந்ததா? இங்கே பரஸ்பரச் சொற்களின் கடைசி எல்லை வருகிறது. இரண்டு பேர் என்றால் திசை இரண்டுதான்: அவனிடமிருந்து இவனுக்கு, இவனிடமிருந்து அவனுக்கு. மூன்று பேர் என்றால் ஆறு. பத்துப் பேர் என்றால் தொண்ணூறு. 'பத்துப் பேரும் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டார்கள்' என்று சொல்கிறவர் தொண்ணூறு அடிகளுக்கும் சாட்சி சொல்வதில்லை. ஒவ்வொருவரும் யாரையாவது அடித்து, யாரிடமாவது அடி வாங்கியிருந்தால் அந்த வாக்கியம் நமக்குப் போதும். 'அந்தப் பத்துப் பேரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள்' என்றால் அப்படி விட்டுக்கொடுக்க மாட்டோம். அதில் ஒரு ஜோடி அறிமுகமில்லாதவர்கள் என்று தெரிந்தாலும் 'பொய்' என்போம். நேதாஜி மார்க்கெட்டில் 'மூட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று அடுக்கியிருந்தன' என்றால் அளவுகோல் இன்னும் இறங்கிவிடும். அடியிலிருக்கும் மூட்டை எந்த மூட்டையின் மேலும் இல்லை, உச்சியில் இருப்பதன்மேல் எதுவும் இல்லை. இரண்டு மூட்டை ஒன்றின்மேல் ஒன்றாகத் திருப்பித் திருப்பி இருக்கவும் முடியாது. ஆனாலும் வாக்கியம் உண்மைதான்.

ஒரே சொல் ஏன் இப்படி இடத்துக்கு இடம் அளவை மாற்றுகிறது என்பதற்கு மேரி டால்ரிம்பிளும் அவரோடு பணியாற்றிய மொழியியலாளர்களும் 1998-இல் ஒரு விடை சொன்னார்கள். அந்த இடத்தில் தெரிந்த உண்மைகளோடு முரண்படாத பொருள்களில் எது மிக வலுவானதோ, அதையே கேட்பவர் எடுத்துக்கொள்கிறார் என்பது அதன் சாரம். தெரிந்திருத்தலில் எல்லா ஜோடிக்கும் உண்மையாக இருக்க முடியும், எனவே முழு வலுவையும் எதிர்பார்க்கிறோம். மூட்டை அடுக்கில் அது நடக்கவே முடியாது, எனவே நடக்கக்கூடிய அளவுக்கு இறங்கி வருகிறோம். அவர்கள் ஆய்ந்தது ஆங்கிலத்தை. மேலே உள்ள தமிழ் வாக்கியங்களும் அதே வழியில் போவதைப் பார்க்கலாம்.

நம் மூவருக்கு வருவோம். நடந்தது இதுதான் என்று வைத்துக்கொள்வோம்: குமாரும் ரவியும் சேகரை அடித்தார்கள், சேகர் குமாரைத் திருப்பி அடித்தான், ரவியை யாரும் தொடவில்லை. ஆறு திசைகளில் மூன்றுதான் நிரம்பியிருக்கின்றன. 'மூவரும் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டனர்' என்ற வாக்கியத்துக்கு ரவியும் அடி வாங்கியிருக்க வேண்டும். அவன் வாங்கவில்லை. குமாரும் ரவியும் ஒரே கட்சி என்பதையும் அது மறைத்துவிடுகிறது. இருவரிடம் அடி வாங்கிய சேகரை, ஒரு கீறலும் இல்லாத ரவிக்குச் சமமாக நிறுத்துகிறது. 'மூவரும் அடித்துக்கொண்டனர்' என்றால் பொய் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் அது ஒரு சண்டை நடந்தது என்பதற்கு மேல் எதையும் உறுதி சொல்லவில்லை. ஆனால் அதிலும் சேகரின் புகார் காணாமல் போய்விடுகிறது.

'குமாரும் ரவியும் ஒரு பக்கம், சேகர் மறுபக்கம் என அடித்துக்கொண்டனர்' என்றால் கட்சி தெரிகிறது, அடியின் கணக்கு தெரியவில்லை. 'குமாரும் சேகரும் ஒருவரையொருவர் அடித்தனர். ரவியும் சேகரை அடித்தான்' என்றால் மூன்று திசையும் சரியாக வருகிறது. இரு பக்கமும் நடந்த இடத்தில் மட்டும் பிரதிப்பெயர் இருக்கிறது, ஒரு பக்கம் மட்டும் நடந்ததற்குத் தனி வாக்கியம் இருக்கிறது. யார் முதலில் கை ஓங்கினார் என்பதை இதுவும் சொல்லவில்லை. ஒருவரையொருவர், கொள், கேசாகேசி, தபல் எதுவுமே அதைச் சொல்வதில்லை, ஏனென்றால் முன்பின்னைத் தள்ளிவிட்டு இரு பக்கத்தையும் ஒன்றாக வைப்பதுதான் இவற்றின் வேலை. முதல் அடி முக்கியம் என்றால் சுருக்கத்தை விட்டுவிட்டு வரிசையாகவே எழுத வேண்டும்: முதலில் குமார் சேகரை அடித்தான், சேகர் திருப்பி அடித்தான், பிறகு ரவி வந்து சேகரை அடித்தான்.